பதில் கிடைக்காத கேள்விகள்: எலிசா முதல் சென்டென்ஸ்-பெர்ட் வரை

எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கி 1966-இல் கட்டுரையாக வெளியிட்ட எலிசா என்ற உரையாடல் நிரல், தனக்குத் தெரியாததைத் தேடி அறிய முயன்றதில்லை. வந்த வாக்கியத்தில் தனக்குப் பழகிய சொல் எதுவும் இல்லையென்றால், ‘மேலே சொல்லுங்கள்’ போன்ற பொதுவான ஒரு வரியை எழுதிச் சமாளித்துவிடும். உலகத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரியாதவர்போல இருந்தாலும் உறுத்தாத வேடங்களுள் ஒன்று மனநல மருத்துவர் வேடம். அதனால்தான் அதைத் தேர்ந்ததாக வைசன்பாமே எழுதினார். அங்கே அறியாமை ஒரு உத்தி. அதைத் தேடி நிரப்ப வேண்டிய தேவை எழவில்லை.

அந்தத் தேவையை முறையாக எடுத்துக்கொண்டவர் ரிச்சர்ட் வாலஸ். 1995-இல் அவர் தொடங்கிய ஆலிஸ், கேள்விகளை வார்ப்புகளோடு பொருத்திப் பார்த்துப் பதில் சொல்லும். `WHO IS *` போன்ற வார்ப்பில் நட்சத்திரக் குறி எந்தச் சொல்லையும் ஏற்கும். எதிலும் அடங்காத கேள்வி கடைசியில் வெறும் `*` என்ற வார்ப்பில் போய் விழும். இணையத்தில் பொதுமக்கள் பேசிய பதிவுகளை வாலஸ் திரட்டி, இப்படி நட்சத்திரத்தில் விழுந்தவற்றில் அடிக்கடி வருபவை எவை என்று நிரலைக் கொண்டே எண்ணவைத்தார். அவற்றுக்குப் புதிய வார்ப்பும் பதிலும் எழுதினார். இதற்கு அவர் வைத்த பெயர் ‘டார்கெட்டிங்’. ஆலிஸிடம் வந்த வாக்கியங்களின் முதற்சொற்களில் 95 விழுக்காட்டை ஏறத்தாழ 1,800 சொற்களே நிறைத்துவிட்டன என்று அவர் கணக்கிட்டார். முடிவில்லாததாகத் தோன்றும் மனிதப் பேச்சு அவ்வளவு தூரம் திரும்பத் திரும்ப வருவது என்ற இந்தக் கண்டுபிடிப்புதான் முழு முயற்சிக்கும் அடித்தளம்.

ஆனால் அது சொல்லை எண்ணும் முறை. பேருந்து முன்பதிவு சாட்பாட் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் ‘பணம் போச்சு, டிக்கெட் வரல’ என்கிறார். இன்னொருவர் ‘காசு பிடிச்சுட்டாங்க, புக்கிங் ஆகல’ என்கிறார். குறை ஒன்றுதான், பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் முன்வைத்த, அரிய சொல்லுக்கு அதிக மதிப்புத் தரும் கணக்கு நீண்ட ஆவணங்களுக்கு நன்றாகவே உதவியது. நான்கு சொல் கேள்விக்கு அது போதவில்லை.

வாக்கியத்தின் பொருளையே எண்வரிசையாக மாற்றும் மாதிரிகள் வந்தபோதுதான் இந்த முடிச்சு அவிழ்ந்தது. 2018-இல் வந்த பெர்ட் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்து ஒப்பிடக்கூடியது. 10,000 வாக்கியங்களுக்குள் மிக நெருங்கிய இணையைக் கண்டுபிடிக்க அதற்குச் சுமார் 65 மணி நேரம் பிடித்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டைச் சேர்ந்த ரைமர்ஸும் குரெவிச்சும் 2019-இல் தந்த சென்டென்ஸ்-பெர்ட், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை மட்டும் எண்வரிசை கணக்கிட்டு, அதே வேலையைச் சுமார் 5 நொடிக்குள் கொண்டுவந்தது.

எண்வரிசைகள் கிடைத்தபின் ஒத்த கேள்விகளைக் கொத்துகளாகப் பிரிப்பது எப்படி? எத்தனை கொத்து வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கும் கே-மீன்ஸ் இங்கே தொல்லை தரும். ஒட்டாத கேள்வியையும் ஏதாவதொரு கொத்தில் திணித்துவிடும். 1996-இல் மியூனிக்கில் உருவான டிபிஸ்கேன், நெருக்கமாகக் கிடப்பவற்றை மட்டும் சேர்த்து, உதிரிகளை உதிரியாகவே விட்டுவிடும். பதில் கிடைக்காத கேள்விகளின் குவியலில் உதிரிகள் ஏராளம் என்பதால் இந்த வகைதான் பொருந்துகிறது.

மேலே சொன்ன பேருந்து சாட்பாட்டின் குவியலை இப்படிப் பிரித்தால் மூன்று கொத்து துலங்குவதாக வைத்துக்கொள்வோம். ‘ரீஃபண்ட் எப்போ வரும்’ என்ற கொத்துக்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. அதை மக்கள் கேட்கும் விதத்தைத்தான் சாட்பாட் அறியவில்லை, எடுத்துக்காட்டு வாக்கியங்களைச் சேர்த்தால் போதும். ‘ரயில் எத்தனை மணிக்கு’ என்பது அதன் எல்லைக்கே வெளியே. ‘பணம் போச்சு, டிக்கெட் வரல’ என்பதற்குத்தான் எங்குமே பதில் இல்லை. ரத்து செய்தவருக்கான விதி எழுதப்பட்டிருக்கிறது, பணம் பாதியில் சிக்கியவருக்கான விதி எழுதப்படவில்லை. உண்மையான அறிவு இடைவெளி இந்த ஒன்றுதான். கொத்தின் அளவை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. ஒவ்வொரு கொத்திலிருந்தும் இருபது கேள்வியையாவது ஒரு மனிதர் படிக்க வேண்டும். தமிழில் இன்னொரு பொறியும் உண்டு. `kaasu pochu` என்று ஆங்கில எழுத்தில் தட்டியவை எல்லாம், பொருளைப் பாராமல் எழுத்தின் சாயலாலேயே ஒரே கொத்தாகத் திரண்டுவிடலாம். அப்படித் திரண்டால், முதலில் அவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிவிட்டு மறுபடியும் பிரிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை குவியலுக்கு வெளியே இருக்கிறது. 2019-இல் வெளியான கிளிங்க்150 என்ற தரவுத் தொகுப்பில் 150 வகைகளைச் சேர்ந்த 22,500 கேள்விகளோடு, எந்த வகையிலும் சேராத 1,200 கேள்விகளும் இருந்தன. வகைக்குள் அடங்கியவற்றை நன்றாக இனங்கண்ட மாதிரிகள், அடங்காதவற்றை இனங்காண்பதில் தடுமாறின. தெரியாத கேள்விக்கு உறுதியான குரலில் தவறான பதிலைச் சொல்லிவிட்டால், பதிவேட்டில் அது ‘பதிலளிக்கப்பட்டது’ என்றே ஏறும். ஆகவே ஒரே ஆள் சில நொடிகளில் சொல்லை மாற்றி மறுபடியும் கேட்டவை, பதில் வந்த கையோடு ‘ஆளிடம் பேசணும்’ என்றவை ஆகியவற்றையும் குவியலில் சேர்த்த பிறகே கொத்துப் பிரிக்கத் தொடங்க வேண்டும். புதிய பதிலை எழுதிய மறுமாதம் அதே கணக்கை மீண்டும் ஓட்டி, அந்தக் கொத்து சுருங்கியதா என்று பார்க்க வேண்டும். சுருங்கவில்லையென்றால், எழுதிய பதில் கேட்டவர்களின் கேள்விக்கானது அல்ல.