டெமரேஜ், டிடென்ஷன், ஹேண்ட்லிங் கட்டணங்கள்

கப்பல் சரக்கு ஏற்றுமதியில் கடல் கூலிக்கு வெளியே ஃபார்வர்டரின் கொட்டேஷனில் வரும் மூன்று வகைச் செலவுகள். முதல் இரண்டும் தாமதத்துக்கான தொகை. மூன்றாவது, தாமதம் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியது.

மூன்றில் மூத்தது டெமரேஜ். முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுத்த காலத்தில் சரக்கை ஏற்றி இறக்க இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அதைத் தாண்டினால் கப்பல் முடங்கிய நாட்களுக்குச் சரக்குக்காரர் ஈடு கட்டினார். சீக்கிரம் முடித்தவருக்குக் கப்பல்காரர் 'டெஸ்பாட்ச்' என்ற பெயரில் பணம் திருப்பித் தருவதும் உண்டு. நியாயமான ஏற்பாடு. 1956இல் மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 கன்டெய்னர் பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. கன்டெய்னர் பரவியபின் கப்பல் காத்திருப்பது குறைந்து, பெட்டி காத்திருப்பது கணக்குக்கு வந்தது. டெமரேஜ் பெட்டிக்கும் தொற்றியது. டெஸ்பாட்ச் மட்டும் கூட வரவில்லை.

ஏற்றுமதியில் காலிப் பெட்டியை யார்டிலிருந்து எடுத்தது முதல் துறைமுகத்தில் 'கேட் இன்' ஆகும்வரை ஓடுவது டிடென்ஷன். உள்ளே போனபின் கப்பலேறும்வரை ஓடுவது டெமரேஜ். துறைமுகம் தன் இடத்துக்கு வாங்கும் கிரவுண்ட் ரென்ட் வேறு.

பொள்ளாச்சியில் தென்னை நார்க்கழிவுக் கட்டி ஏற்றுமதி செய்யும் ஒருவர் தூத்துக்குடியில் திங்களன்று நாற்பதடிப் பெட்டி எடுக்கிறார் என்று கொள்வோம். ஃப்ரீ டேஸ் ஐந்து. அது வெள்ளியோடு முடிகிறது. களத்தில் மழை, ஈரம் இறங்காமல் கட்டி அடிக்க முடியவில்லை. பெட்டி அடுத்த திங்கள்தான் கேட் இன் ஆகிறது. சனி, ஞாயிறு, திங்கள் மூன்றும் கணக்கில் சேரும். விடுமுறைக்குக் கழிவு இல்லை. நாளுக்கு 1,500 ரூபாய் என்றால் 4,500 ரூபாய். கப்பலே தாமதமாக வந்தால் உள்ளே கிடந்த நாட்களுக்கான டெமரேஜை லைனிடம் எழுதிக் கேட்டுக் குறைக்க வழியுண்டு, கேட்காதவருக்குக் குறையாது.

ஹேண்ட்லிங் என்பது பெரும்பாலும் டி.எச்.சி. முனையத்தில் பெட்டியைத் தூக்கி வைக்கும் செலவாக லைன் வாங்குவது. பெட்டிக்கு இவ்வளவு என்பதால் பாதி நிரப்பினாலும் அதே தொகை. ஃபார்வர்டரின் சொந்தக் கட்டணமும் அதே 'ஹேண்ட்லிங்' தலைப்பில் நுழைவதால் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். 'ஆட் ஆக்சுவல்ஸ்' என்ற வரிக்கு லைனின் ரசீதைக் கேட்பதும் முறை.

இறக்கும் துறைமுகச் செலவு வாங்குபவருடையது என்று கொட்டேஷன் சொல்லும். ஆனால் அவர் சரக்கை எடுக்காமல் கைவிட்டால், பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்க நிபந்தனைப்படி லைன் ஏற்றுமதியாளரிடமே திரும்பும். சிறு ஏற்றுமதியாளரை நொடிக்க வைப்பது இதுதான். 4,500 ரூபாய் அல்ல.

அமெரிக்கச் சரக்குக்கு டெமரேஜ், டிடென்ஷன் பில்லை லைன் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது 2024 முதல் அந்நாட்டு விதி.