சகம் 605

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலை நிற்கிறது. மேலே இருக்கும் சிவன் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. சோழர் காலக் கல்வெட்டு எதையும் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: ஆட்சியாண்டு, நில அளவு, காசு என்று எண் வராத கல்லே அரிது. ஆனால் அந்த எண்களில் சுழி இருக்காது. பதினைந்தாம் ஆட்சியாண்டு என்றால் ௰௫. இருநூற்று எழுபது என்றால் ௨௱௭௰.

காரணம் எளிது. தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி உண்டு: ௰, ௱, ௲. அறுநூற்றைந்தை எழுத ஆறு, நூறு, ஐந்து என்று வரிசையாக ௬௱௫ எனப் போட்டால் போதும். பத்தின் இடத்தில் ஒன்றுமில்லை என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தின் பெயரையே எழுதவில்லையே! இலக்கம் நிற்கும் இடத்தை வைத்தே அதன் மதிப்பைச் சொல்லும் முறையில்தான் சிக்கல் வருகிறது. அங்கே ஆறும் ஐந்தும் ஒட்டிக்கொண்டால் அறுபத்தைந்தாகிவிடும். நடுவில் ஏதாவது வைத்தாக வேண்டும். ஆகவே நம் கணக்கர்களுக்குச் சுழி எட்டவில்லை என்பதைவிட, எழுதிவைக்க அது தேவைப்படவில்லை என்பதே சரி. பெருக்கல் எல்லாம் எண்சுவடி மனப்பாடத்தில் நடந்தது. ஏட்டிலும் கல்லிலும் ஏறியது விடை மட்டும்.

இதே அறுநூற்றைந்து, சுழியோடு, கம்போடியாவில் ஒரு கல்லில் இருக்கிறது. மேகாங் ஆற்றங்கரைச் சம்போரில் கிடைத்த பழைய கெமர் மொழிக் கல்வெட்டு அது. சக ஆண்டு 605, தேய்பிறை ஐந்தாம் நாள் என்று காலம் குறிக்கிறது. நம் கணக்கில் கி.பி. 683. ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் சுழி. சுமத்ராவில் பாலெம்பாங் அருகே உள்ள கெடுகான் புக்கிட் கல்லும் அதே சக ஆண்டு 605-ஐ இலக்கத்தில் தருகிறது. இரண்டும் பல்லவ எழுத்திலிருந்து பிறந்த எழுத்துகளில் வெட்டப்பட்டவை.

இந்தக் கற்களுக்கு ஒரு வழக்கில் சாட்சி சொல்லும் வேலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி. ஆர். கேய் என்ற ஆங்கிலேய அறிஞர், இட மதிப்பு முறை இந்தியாவில் பிறந்ததே அல்ல என்று வாதாடினார். அவர் கையில் வலுவான ஆயுதம் ஒன்று இருந்தது. இந்திய மண்ணில் காலம் ஐயமின்றித் தெரியும் மிகப் பழைய கல்வெட்டுச் சுழி குவாலியரில் இருக்கிறது. அது 876-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயில் நந்தவனத்தின் அளவு 270 முழத்துக்கு 187 முழம், நாள்தோறும் 50 மாலை என்று அது சொல்கிறது. பாக்தாதில் அல்-குவாரிஸ்மி இந்திய எண்களைப் பற்றி நூல் எழுதியதோ ஏறத்தாழ 825-இல். அப்படியானால் அரபு நாட்டிலிருந்து இங்கே வந்திருக்கலாமே என்றார்.

1931-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் சம்போர்க் கல்லை முன்வைத்து இதற்கு விடை சொன்னார். 683 என்பது குவாரிஸ்மிக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. அந்த முறை கெமர் மக்களின் சொந்தச் சரக்காக இருக்கக் கூடாதா என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. அன்றாட எண்ணிக்கைக்கு அங்கே வேறு பழைய முறை. இட மதிப்பும் சுழியும் சக ஆண்டு எழுதும்போது மட்டும் வருகின்றன. சக ஆண்டோ இந்தியாவிலிருந்து போனது. ஆண்டோடு இலக்கமும் சேர்ந்தே போயிருக்கிறது.

செதேசின் வாதத்தில் எனக்குப் பிடித்தது இந்த இரண்டாம் பகுதிதான். ஊர்க் கணக்குக்கு ஒன்று, வானநூலாரின் கணக்குக்கு ஒன்று என்று இரண்டு முறைகள் ஒரே நாட்டில் சண்டையில்லாமல் இருக்கும் என்பதை நம் கல்வெட்டுகளும் காட்டுகின்றன. 628-இல் பிரம்மகுப்தர் சுழியைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி எழுதிவிட்டார் (சுழியால் வகுப்பதில் மட்டும் சறுக்கினார்). ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னும் தமிழ்நாட்டுக் கல்தச்சர் ௱-வைத்தான் வெட்டினார்.

இந்த எண்களின் மேற்குப் பயணம் பலருக்கும் தெரிந்தது. 662-இல் சிரிய மொழியில் எழுதிய செவெரஸ் செபோக்த் இந்தியரின் ஒன்பது குறிகளை வியக்கிறார், சுழியைச் சொல்லவில்லை. 770-களில் இந்திய வானநூல் ஒன்று பாக்தாத் அரசவைக்குப் போனது. குவாரிஸ்மியின் எண் நூலின் அரபு மூலம் இன்று இல்லை. லத்தீன் வடிவமே மிஞ்சியது. வட ஆப்பிரிக்கத் துறைமுகமொன்றில் கணக்குப் படித்த பீசா நகரத்து லியனார்தோ 1202-இல் தம் நூலில் ஒன்பது குறிகளோடு சுழியையும் வைத்தார். 1299-இல் புளோரன்சின் பணமாற்றுவோர் சங்கம் பேரேட்டில் இந்த எண்களை எழுதக் கூடாது என்று தடுத்தது.

சம்போர்க் கல் கெமர் ரூஜ் காலக் குழப்பத்தில் எங்கே போனதென்றே தெரியாமல் கிடந்தது. 2013-இல் அமீர் அக்செல் என்ற கணித எழுத்தாளர் அதை அங்கோர் அருகே ஒரு கிடங்கில் தேடிக் கண்டுபிடித்தார். தமிழ் எண்களோ அச்சுக் காலத்தில் இட மதிப்புக்கு மாறின. ௲௯௱௫ என்று எழுதியது ௧௯௦௫ ஆனது. கணினியில் தமிழ்ச் சுழிக்கு U+0BE6 என்ற இடம் 2005-இல், யூனிகோடு 4.1 பதிப்பில், கிடைத்தது. ஒன்று முதல் ஒன்பது வரையும் ௰, ௱, ௲-உம் அதற்கு முன்பே அங்கே இருந்தன.