பிரிட்டன் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட கதை

1972 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. 1930களின் பஞ்ச காலத்தை மறக்காத நாடு அது. பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் அரசு பயந்து போனது. அந்த மார்ச் மாதமே நிதியமைச்சர் ஆண்டனி பார்பர் வரிகளை வெகுவாகக் குறைத்தார், கடனும் தாராளமாகப் புழங்கியது. எதிர்பார்த்தபடியே அடுத்த வருடம் வியாபாரம் சூடுபிடித்தது, வேலையில்லாதோர் எண்ணிக்கை இறங்கியது. ஆனால் 1975ல் பணவீக்கம் 24 சதவீதம்! வேலையில்லாதோரோ மறுபடியும் பத்து லட்சத்துக்கு மேல். 1973ன் எண்ணெய் விலை உயர்வுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் போட்ட மருந்தின் பலன் போய்விட்டது, பக்க விளைவு மட்டும் தங்கிவிட்டது.

1976ல் பிரதமராக இருந்த ஜேம்ஸ் கல்லாகன் தன் தொழிற்கட்சி மாநாட்டிலேயே இதை வெளிப்படையாகச் சொன்னார். செலவு செய்தே மந்தத்திலிருந்து மீளலாம் என்ற வழி இனி இல்லை, ஒவ்வொரு முறையும் அது இன்னும் பெரிய பணவீக்கத்தைத்தான் கொண்டுவந்தது என்பது அவர் பேச்சின் சாரம். ஆனால் ஏன் அப்படி? ஹீத்தும் பார்பரும் முட்டாள்கள் அல்ல. விவரம் தெரிந்தவர்கள், நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவு ஏன் எல்லோருக்கும் நஷ்டமாக முடிந்தது?

இதற்கு விடை அடுத்த வருடமே, 1977ல் வந்தது. ஃபின் கிட்லாண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் "கால முரண்பாடு" என்ற கருத்தை முன்வைத்தார்கள் (2004ல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது). அவர்கள் சொன்ன உதாரணம் எளிமையானது. வெள்ளம் வரும் பள்ளத்தில் வீடு கட்டாதீர்கள், கட்டினால் அணை கட்டிக் காப்பாற்ற மாட்டோம் என்று அரசு சொல்கிறது. மக்கள் நம்பினால் யாரும் அங்கே கட்ட மாட்டார்கள். ஆனால் நாலு பேர் கட்டிவிட்டால்? அப்போது அணை கட்டித் தருவதுதான் அரசுக்குச் சரியாகத் தோன்றும். அது மக்களுக்கும் முன்கூட்டியே தெரியும். அதனால் கட்டத்தான் செய்வார்கள். இன்று சொல்லும்போது சிறந்ததாக இருக்கும் வாக்குறுதி, நாளை நிறைவேற்றும் நேரத்தில் சிறந்ததாக இருப்பதில்லை. பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவரும் இந்த வலையில் விழுவார்.

1983ல் ராபர்ட் பேரோவும் டேவிட் கார்டனும் இதை மத்திய வங்கிக்குப் பொருத்தி ஒரு சின்னக் கணக்காக ஆக்கினார்கள். கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம், கூட்டல், கழித்தல், வர்க்கம் தெரிந்தால் போதும்.

```
u = 6 − (π − πe)
L = π² + (u − 2)²
```

இங்கே π என்பது பணவீக்கம். πe என்பது சம்பளம் பேசும்போது மக்கள் எதிர்பார்க்கும் பணவீக்கம். u வேலையில்லாதோர் சதவீதம். பணவீக்கம் எதிர்பார்த்தபடியே இருந்தால் u இயல்பான 6 சதவீதத்தில் நிற்கும். எதிர்பாராமல் விலை ஏறினால் சம்பளத்தின் உண்மை மதிப்பு குறையும், முதலாளிகள் அதிகம் பேரை வேலைக்கு எடுப்பார்கள், u இறங்கும். L என்பது வங்கியின் இழப்பு. பணவீக்கம் பூஜ்ஜியத்தை விட்டும், வேலையின்மை 2 சதவீதத்தை விட்டும் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு வலி. வர்க்கம் போட்டிருப்பதால் பெரிய விலகல் மிக அதிகமாக வலிக்கும். எண்கள் கணக்கு சுலபமாக வருவதற்காக வைத்தவை.

முதலில் நிலையான விதி: என்ன ஆனாலும் பணவீக்கம் 0. மக்கள் நம்புகிறார்கள், u 6ல் நிற்கிறது. இழப்பு 0 + 16 = 16.

இப்போது வங்கியின் கை கட்டப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மக்கள் 0 என்று நம்பி சம்பளம் பேசி முடித்துவிட்டார்கள். வங்கி பணவீக்கத்தை 2 ஆக விட்டால் u 4 ஆகிறது. இழப்பு 4 + 4 = 8, அதாவது பாதி! யாருக்குத்தான் ஆசை வராது? 1972ல் பார்பருக்கு எதிரே இருந்தது இந்த 8 தான்.

அடுத்த வருடம் தொழிற்சங்கங்கள் 2ஐ எதிர்பார்த்துச் சம்பளம் கேட்கும். அப்போது வங்கிக்கு இருப்பதில் சிறந்தது 3. u 5, இழப்பு 18. அதற்கடுத்து மக்கள் 3ஐ எதிர்பார்ப்பார்கள், வங்கி 3.5க்குப் போகும். இந்த ஓட்டம் 4ல்தான் நிற்கிறது. அங்கே மக்கள் 4ஐ எதிர்பார்க்கிறார்கள், வங்கி 4ஐத் தருகிறது, யாரும் ஏமாறவில்லை. u பழையபடி 6. இழப்பு 16 + 16 = 32. ஒரு வேலைகூடக் கூடவில்லை, விலைவாசி மட்டும் வருடா வருடம் ஏறுகிறது. ஒவ்வொரு வருடமும் வங்கி எடுத்த முடிவு அந்த வருடத்துக்குச் சிறந்ததுதான். அதுதான் இதில் கொடுமை.

சரி, அப்படியானால் விதிதானே ஜெயிக்கிறது? அங்கேதான் சிக்கல். பொருளாதாரத்துக்கு வெளியிலிருந்து அடி விழும். சம்பளம் பேசி முடித்த பிறகு u திடீரென்று ஏறவோ இறங்கவோ செய்யலாம். விதி என்றால் வங்கி கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். சுதந்திரம் இருந்தால் அடியின் பாதியைத் தாங்கிக்கொள்ளலாம். அடி 2 புள்ளி மேலே அல்லது 2 புள்ளி கீழே, இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றால் சராசரி இழப்பு விதிக்கு 20, சுதந்திரத்துக்கு 34. விதியே மேல். அடி 6 புள்ளி என்றால் விதிக்கு 52, சுதந்திரத்துக்கு 50. தராசு சாய்ந்துவிடுகிறது!

பிரிட்டன் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டது. 1980களின் கடைசியில் மறுபடியும் ஒரு செழிப்பு, மறுபடியும் 10 சதவீதத்தைத் தாண்டிய பணவீக்கம். 1990 அக்டோபரில் நாடு ஐரோப்பிய நாணய மாற்று அமைப்பில் சேர்ந்தது. ஒரு பவுண்டுக்கு 2.95 ஜெர்மன் மார்க், அதிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ஜெர்மன் மத்திய வங்கியின் கண்டிப்பை இரவல் வாங்கிய நிலையான விதி அது. பணவீக்கத்தைப் பொறுத்தவரை பலித்தது. 1992 செப்டம்பரில் 4 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

ஆனால் அடி வேறு பக்கமிருந்து விழுந்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்த செலவால் அங்கே விலைவாசி ஏற, ஜெர்மன் மத்திய வங்கி வட்டியை உயர்த்தியது. பிரிட்டனோ கடும் மந்தத்தில் இருந்தது, அதற்குத் தேவை குறைந்த வட்டி. விதி அதற்கு இடம் தரவில்லை. அது நீடிக்காது என்று கணித்த வியாபாரிகள் பவுண்டை விற்றுத் தள்ளினார்கள். 1992 செப்டம்பர் 16 அன்று காலையில் வட்டி 10லிருந்து 12 ஆனது, பிற்பகலில் மறுநாள் முதல் 15 என்று அறிவிப்பு வந்தது, மாலையில் பிரிட்டன் அமைப்பை விட்டே வெளியேறியது. அடுத்த ஜனவரி இறுதியில் வட்டி 6 சதவீதம். மிக இறுக்கமான விதியில் ஒளிந்திருக்கும் கால முரண்பாடு இதுதான். வலி அதிகமானால் விதியையே கைவிடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு மூன்றாவது வழி. 1992 அக்டோபரில் பணவீக்கத்துக்கு 1 முதல் 4 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். ஆனால் வட்டியை முடிவு செய்யும் அதிகாரம் நிதியமைச்சரிடமே இருந்தது. 1995 மே மாதம் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கவர்னர் எடி ஜார்ஜ் வட்டியை உயர்த்தச் சொன்னார், நிதியமைச்சர் கென்னத் கிளார்க் மறுத்தார். பின்னர் பார்த்தால் பணவீக்கம் எகிறவில்லை, கிளார்க் கணித்ததே சரி. ஆனாலும் கடன் பத்திரச் சந்தை நம்பவில்லை. தேர்தலைச் சந்திக்க வேண்டியவர் கையில் வட்டி இருக்கும்வரை, இலக்கைத் தாண்டிய பணவீக்கத்துக்கும் சேர்த்தே சந்தை விலை போட்டது. மக்கள் பயப்படுவது நேற்றைய முடிவைப் பார்த்து அல்ல, நாளைய ஆசையைப் பார்த்து.

1997 மே 1 அன்று தொழிற்கட்சி ஜெயித்தது. மே 6ஆம் தேதி புதிய நிதியமைச்சர் கார்டன் பிரவுன் வட்டியை 6.25 ஆக்கினார், அதோடு வட்டியை முடிவு செய்யும் அதிகாரத்தையே பேங்க் ஆஃப் இங்கிலாந்திடம் கொடுத்துவிட்டார். இலக்கை (அப்போது 2.5 சதவீதம்) வைப்பது அரசு, அதை எட்டும் வழியை முடிவு செய்வது ஒன்பது பேர் குழு. இலக்கிலிருந்து 1 புள்ளிக்கு மேல் விலகினால் கவர்னர் காரணம் சொல்லி நிதியமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டும். பணவீக்கம் ஒரு புள்ளிகூட மாறுவதற்கு முன்பே, நீண்டகாலக் கடன் பத்திரங்களின் வட்டி கீழே வந்தது. மாறியது கொள்கை அல்ல, முடிவெடுக்கும் ஆள்.

கணக்கில் இதற்கு என்ன பொருள்? இந்தக் குழுவுக்கு 2 சதவீத வேலையின்மை என்ற ஆசை கிடையாது. இயல்பான 6ஐ ஏற்றுக்கொண்டு, அடி விழும்போது மட்டும் வளைந்து கொடுக்கிறது. அதனால் மக்கள் 0ஐயே எதிர்பார்க்கிறார்கள். சமூகத்தின் பழைய L கொண்டே அளந்தால், சிறிய அடிக்குச் சராசரி இழப்பு 18, பெரிய அடிக்கு 34. சிறிய அடியில் 20, 34 இரண்டையும்விடவும், பெரிய அடியில் 52, 50 இரண்டையும்விடவும் இது மேல். விதியின் நம்பகத்தன்மையும் கிடைக்கிறது, சுதந்திரத்தின் நெகிழ்வும் கிடைக்கிறது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. 16 என்ற அடிப்படை இழப்பு அப்படியே இருக்கிறது. 6 சதவீதம் பேருக்கு வேலை இல்லை என்பதை வட்டியால் தீர்க்க முடியாது, பயிற்சியும் தொழிலும்தான் தீர்க்கும். கடன் வாங்கிய ஒவ்வொரு குடும்பத்தையும் பாதிக்கும் முடிவு, யாரும் ஓட்டுப் போடாத ஒன்பது பேரிடம் போய்விட்டது என்ற கேள்வியும் இருக்கிறது.

ஏற்பாட்டுக்குக் கடினமான சோதனை 2022ல் வந்தது. எரிவாயு விலை எகிறியதால் அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதம். தாமதமாகத்தான் விழித்துக்கொண்டார்கள் என்று குழுவைத் திட்டியவர்கள் பலர். வட்டி 5.25 வரை ஏறியது. 2024 மே மாதம் பணவீக்கம் 2 சதவீதத்துக்குத் திரும்பியது, வேலையின்மை 5 சதவீதத்தைத் தாண்டாமலேயே. எரிவாயு விலை இறங்கியதும் பெரிய காரணம்தான். ஆனால் 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது, சம்பளமும் விலையும் ஒன்றையொன்று துரத்தி வருடக்கணக்கில் ஓடின. இந்த முறை அந்த ஓட்டம் 4ஐத் தேடிப் போகாமல் பாதியிலேயே நின்றது.