மது அருந்தினால் உடலில் நீர் வற்றுவது ஏன்? இடையிடையே தண்ணீர் குடிப்பது உண்மையில் உதவுமா?

மது அருந்தத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வதும், மறுநாள் காலையில் நாக்கு வறண்டு தலை கனப்பதும் பலரும் அறிந்தவை. இரண்டுக்கும் காரணம் உடலில் நீர் வற்றுவதே என்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே ஒரு கோப்பை தண்ணீர் குடித்தால் இரண்டையும் தவிர்க்கலாம் என்றும் பரவலாக நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கையில் ஒரு பாதிதான் சரி.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி உடனுக்குடன் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு நீரை மீட்பது, எவ்வளவை விட்டுவிடுவது என்பதைத் தீர்மானிப்பது வாசோபிரெசின் என்ற ஹார்மோன். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியாக இரத்தத்தில் கலக்கும் இந்த ஹார்மோன், சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களைச் சென்றடைகிறது. அங்குள்ள செல்களின் சுவரில் அக்வாபோரின் எனப்படும் நுண்ணிய நீர்வழிகள் திறக்கின்றன. அவற்றின் வழியே நீர் மீண்டும் உடலுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது.

மது இந்த ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கிறது. சிறுநீரகம் பழுதடைவதில்லை, அதற்கு வரவேண்டிய கட்டளை மட்டும் வருவதில்லை. நீர்வழிகள் மூடிக்கொள்ள, மீட்கப்பட வேண்டிய நீர் சிறுநீர்ப்பையை நோக்கிச் செல்கிறது. இவ்வாறு வெளியேறுவது பெரும்பாலும் தண்ணீர்தான். உப்பு அதிகம் போவதில்லை. ஆகவே இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது, தாகம் எடுக்கிறது.

எவ்வளவு நீர் இழக்கப்படுகிறது?

பிரிட்டனைச் சேர்ந்த உடலியல் ஆய்வாளர் கிரேஸ் எகிள்டன் 1942-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் சிறுநீர் கூடுதலாக வெளியேறுகிறது என்பது அதன் கணக்கு. இதை இந்தியக் கோப்பைகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

இந்தியாவில் விற்கப்படும் விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ளது. 'ஒரு லார்ஜ்' எனப்படும் 60 மில்லிலிட்டரில் 20 கிராம் ஆல்கஹால் இருக்கும். இரவு 8 மணியிலிருந்து 10 மணிக்குள் ஒருவர் மூன்று லார்ஜ் அருந்தினால் 60 கிராம் ஆகிறது. எகிள்டனின் கணக்குப்படி ஏறத்தாழ 600 மில்லிலிட்டர் நீர் கூடுதலாக வெளியேறும். எதுவும் கலக்காமல் 'ராவாக' அருந்தியிருந்தால் அந்த மதுவின் வழியே உடலுக்குக் கிடைத்த நீர் 100 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும். அரை லிட்டர் அளவுக்குப் பற்றாக்குறை விழுகிறது.

பீரின் கதை வேறு. 5 சதவீத ஆல்கஹால் கொண்ட 650 மில்லிலிட்டர் பாட்டிலில் 25 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கூடுதல் சிறுநீர் 250 மில்லிலிட்டர். ஆனால் அந்தப் பாட்டிலிலேயே 600 மில்லிலிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளது. 4 சதவீத பீரையும் வெறும் தண்ணீரையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், அடுத்த நான்கு மணி நேரத்தில் வெளியேறிய சிறுநீரின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நீர் வற்றுவதில் மதுவின் பெயரைவிட அதன் செறிவே முக்கியம்.

இக்கணக்கு உடலில் போதிய நீர் உள்ளவருக்கே பொருந்தும். வெயிலில் வேலை செய்து, ஏற்கெனவே நீர் குறைந்த நிலையில் மது அருந்துபவருக்கு இவ்வளவு சிறுநீர் வெளியேறாது. உடல் தன்னிடம் உள்ளதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. எனினும் அவர் தொடங்குவதே பற்றாக்குறையில்தான். வாந்தியும் வியர்வையும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும்.

தண்ணீர் எப்போது தங்கும்?

மதுவின் இந்தத் தடை இரவு முழுவதும் நீடிப்பதில்லை. இரத்தத்தில் ஆல்கஹால் அளவு ஏறிக்கொண்டிருக்கும்போது அது வலுவாக இருக்கிறது. ஏற்றம் நின்றதும் தளர்கிறது. பின்னர் உப்பின் செறிவு கூடியிருப்பதை உணர்ந்து வாசோபிரெசின் மீண்டும் சுரக்கிறது. ஆகவே மது அருந்தும் வேளையில் குடிக்கும் தண்ணீரில் கணிசமான பங்கு தங்காமல் வெளியேறிவிடும். உறங்கும் முன்பும் மறுநாள் காலையிலும் குடிக்கும் தண்ணீரை உடல் நன்றாகவே தக்கவைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் உடலில் போதிய நீர் இருக்கிறது என்பது பொதுவான அடையாளம். மது அருந்திக்கொண்டிருக்கும்போது அந்த அடையாளம் செல்லாது. உடல் நீரை இழக்கும்போதே சிறுநீர் தெளிவாகத்தான் போகும். மறுநாள் காலையில் அடர்மஞ்சள் நிறச் சிறுநீர், வாய் வறட்சி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டுதல் ஆகியவையே நம்பத்தக்க அறிகுறிகள்.

அப்படியானால் இடையே குடிக்கும் தண்ணீரால் பயனே இல்லையா? உண்டு. பற்றாக்குறையின் ஒரு பகுதியை அது ஈடுசெய்கிறது. உப்பிட்ட வேர்க்கடலை, ஊறுகாய் போன்றவற்றால் எழும் தாகத்தை இன்னொரு கோப்பை மதுவால் தணிக்கும் பழக்கத்தையும் அது தடுக்கிறது. எல்லாவற்றையும்விட, அருந்தும் வேகம் குறைகிறது. இரண்டு மணி நேரத்தில் மூன்று லார்ஜுக்குப் பதிலாக இரண்டோடு நின்றால் 20 கிராம் ஆல்கஹால் உடலுக்குள் போகவில்லை. தண்ணீரால் கிடைக்கும் உண்மையான லாபம் பெரும்பாலும் இதுதான். அதே மூன்று லார்ஜையும் அருந்தி, கூடவே ஒரு லிட்டர் தண்ணீரும் குடித்தவருக்கு இந்த லாபம் கிடைக்காது.

தண்ணீர் போதையைக் 'கழுவி' வெளியேற்றாது. ஆல்கஹாலில் மிகச் சிறு பங்கே சிறுநீர், மூச்சு, வியர்வை வழியே வெளியேறுகிறது. ஏனையதைக் கல்லீரல்தான் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் என்ற வேகத்தில் சிதைக்கிறது. தண்ணீரோ மோரோ எலுமிச்சைச் சாறோ அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. 8 மணிக்குத் தொடங்கி 60 கிராம் அருந்தியவரின் உடலில் நள்ளிரவைத் தாண்டியும் ஆல்கஹால் இருக்கும். அதிகாலை 4 மணிக்கு வண்டியெடுக்க நினைப்பவர் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்திருந்தாலும் நிலைமை மாறாது.

மறுநாள் தலைவலியும் அப்படித்தான். நீர் வற்றுவதும் 'ஹேங்ஓவர்' துன்பமும் ஒரே நேரத்தில் வருவதால் ஒன்று மற்றொன்றின் விளைவு எனத் தோன்றுகிறது. தண்ணீர் குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் தாகமும் வாய் வறட்சியும் தணிந்தன. தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை பெரிதாகக் குறையவில்லை. இரைப்பை எரிச்சல், கெட்டுப்போன உறக்கம், உடலில் தூண்டப்படும் அழற்சி ஆகியவற்றுக்குத் தண்ணீர் மருந்தல்ல.

அளவு மீறிய தண்ணீரும் தீங்கானது. நாள்கணக்கில் சரியாக உண்ணாமல் குடித்துவருபவர்களின் உடலில் உப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். அவர்கள் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குச் சரிந்து, குழப்பமும் வலிப்பும் ஏற்படலாம்.

எழுப்பியும் எழாதவர், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருபவர் ஆகியோரின் வாயில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் செல்லும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.