பழவேற்காட்டுக் கட்டமும் அதன் அச்சு நகலும்

மெக்சிகோவில் கழுத்திலும் தலையிலும் கட்டிக்கொள்ளும் சிவப்புக் கைக்குட்டைக்குப் 'பாலியக்காதே' என்று பெயர். நம்முடைய பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிக்காட்' என்று வாயில் வந்தபடி அழைத்ததிலிருந்தே இச்சொல் பிறந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் இன்று அங்கே விற்கும் பாலியக்காதே, வெள்ளைத் துணியின் மேல் மாங்காய் வடிவம் அச்சிட்ட சரக்கு. ஊரின் பெயர் கடல் தாண்டிப்போய் நிலைத்துவிட்டது. அந்தப் பெயருக்குரிய நெசவு போய்ச் சேரவில்லை. பழவேற்காட்டுத் துணி சில கரைகளில் அச்சுக்கு இடம்கொடுத்ததையும், ஒரு கரையில் மட்டும் கொடுக்க மறுத்ததையும் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை நிறுவியது 1613இல். அவர்கள் அங்கே நிலைகொண்டதற்குத் துணியே முதல் காரணம். சோழமண்டலக் கரைத் துணிகளைக் கொடுத்துத் தென்கிழக்காசியத் தீவுகளில் வாசனைப் பொருள்களை வாங்குவது அவர்களுடைய வணிக முறை. இந்தக் கரையில் கட்டம்போட்ட துணி சதுரக் கணக்கில் நெய்யப்பட்டது. பிற்காலத்தில் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று பெயர் பெற்ற உருப்படியின் அளவு 8 கஜ நீளம், 36 அங்குல அகலம். வெட்டினால் சரியாக எட்டுச் சதுரம் கிடைக்கும். முழுத்துணியாகவே உடுத்தினாலும் 'கைக்குட்டை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இதனால்தான்.

கட்டத் துணியின் நயம் எங்கே இருக்கிறது என்பதை ஓர் எளிய கணக்கில் காட்டலாம். பாவில் சிவப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று பட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். ஊடையிலும் அதே வரிசையில் நூலை மாற்றி மாற்றி நெய்கிறோம். சிவப்பைச் சிவப்பு சந்திக்கும் இடத்தில் முழுச் சிவப்பு. நீலத்துக்கும் வெள்ளைக்கும் அப்படியே. ஆக முழுநிறம் மூன்று. சிவப்பும் நீலமும், சிவப்பும் வெள்ளையும், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் இடங்களில் இன்னும் மூன்று கலப்பு நிறங்கள் தாமாகவே தோன்றுகின்றன. சாயத் தொட்டியில் மூன்று நிறம், துணியில் ஆறு நிறம். அந்தக் கலப்பு நிறங்கள் சாயத்தால் ஆனவை அல்ல. ஓர் இழை மேலே, அடுத்த இழை கீழே என்று புள்ளி புள்ளியாக நிற்கும் இரண்டு நிறங்களைக் கண்தான் கலந்துகொள்கிறது. துணியை விரலால் மடித்தால் ஒரு நிறம் சற்றே ஓங்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மற்றது ஓங்கும். அச்சிடுபவன் இதை அப்படியே காட்ட விரும்பினால், வெள்ளையைத் துணிக்கே விட்டுவிட்டாலும், ஐந்து தனித்தனி அச்சு வேண்டும். அப்படிச் செய்தும் கலப்பு நிறம் ஒரே சீரான பூச்சாகத் தட்டையாகவே கிடக்கும்.

நெசவாளர் வழக்கில் 'அச்சு' என்றால் தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு. துணிக்கடைக்காரருக்கு 'அச்சு' என்றால் பிரிண்ட். ஒரே சொல் எதிரெதிரான இரண்டு தொழில்களுக்கு உழைக்கிறது.

முதலில் வந்த போலியும் நெசவாகவே இருந்தது. 1780களில் கிளாஸ்கோ நகரத்தார் 'புல்லிக்காட்' என்ற பெயரிலேயே பருத்திக் கைக்குட்டைகளை நெய்யத் தொடங்கினார்கள். 1785இல் அங்கே நிறுவப்பட்ட துருக்கிச் சிவப்புச் சாயப்பட்டறை அதற்குக் கைகொடுத்தது. நெய்த நகல் நூலையாவது மதித்தது. பின்னால் அச்சு மலிந்தபோது பெயர் அதன்மேல் தாவிக்கொண்டது. மெக்சிகோவில் இன்று நாம் காண்பது அந்தத் தாவலின் முடிவு.

எல்லாக் கரையிலும் இழையின் புள்ளி நயத்தை விரும்பினார்கள் என்று எழுதினால் அது நம் ஆசையாகவே இருக்கும். கரிபியன் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் பெண்கள் மெட்ராஸ் கட்டத்தைத் தலைப்பாகையாகக் கட்டினார்கள். அந்தக் கலப்பு நிறங்கள் அவர்களுக்கு மங்கலாகப் பட்டன. வெளிர்ந்த பட்டைகளின் மேல், கருவேலம் பிசின் போன்ற ஒரு பிசினில் குழைத்த மஞ்சள் வண்ணத்தைத் தூரிகையால் தீட்டிப் பளிச்சென்று ஆக்கினார்கள். அதையே தொழிலாகச் செய்த பெண்களும் இருந்தார்கள். நெய்த துணியை வாங்கி, இழையை மூடி, கிட்டத்தட்ட அச்சுத் தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கியவரின் ரசனை அது. குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்களிடம் இந்தக் கதை வேறு பக்கம் திரும்புகிறது. 'இஞ்சிரி' என்று அவர்கள் அழைக்கும் மெட்ராஸ் கட்டம் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றிலும் இடம்பெறும் துணி. அவர்கள் அதை வாங்கியபடி உடுத்துவதோடு நிற்பதில்லை. பெண்கள் ஊசியால் ஓர் இழையைத் தூக்கி, பிளேடால் இரண்டு முனையிலும் அறுத்து, உருவி எடுக்கிறார்கள். பெரும்பாலும் வெளிர்நிற இழைகளே போகும். அடர்நிறம் எஞ்சி நிற்க, கட்டத்துக்குள் புதியதொரு வடிவம் சல்லடையாக எழும். இதற்குப் 'பெலேதே பீதே', அதாவது அறுத்த துணி, என்று பெயர். ஜோவான் ஐக்கர், டோன்யே எரெகோசிமா ஆகியோரின் ஆய்வுகளால் இந்தக் கலை வெளியுலகுக்குத் தெரியவந்தது.

கலபாரியினர் அச்சுத் துணியை ஏற்காததற்கு இதுவே வலுவான காரணம் என்பது என் முடிவு. பிறவற்றையும் சொல்வார்கள்: துணியின் மணம், மென்மை, பாட்டி உடுத்திய துணி என்ற உரிமை. அவையும் உண்மையே. ஆனால் அறுக்கும் கலைக்கு வேண்டியது, நிறம் நூலோடு பிறந்த துணி. ஒரு வெள்ளை இழையை உருவினால் வெள்ளை மட்டும் போக வேண்டும். அச்சுத் துணியில் ஓர் இழையை உருவினால் அது கடந்துவந்த எல்லா நிறத்திலும் ஒவ்வொரு துண்டு வெளியே வரும். வடிவம் எழாது, ஓட்டைதான் விழும். மெக்சிகோவில் துணி ஒரு தோற்றமாக இருந்தது, ஆகவே தோற்றத்தை நகலெடுக்க முடிந்தது. இங்கே துணி வேலைக்கான மூலப்பொருள்.

இழையை உருவிப் பார்ப்பதே இன்றும் வீட்டில் செய்யக்கூடிய சோதனை. ஓரத்திலிருந்து ஓர் ஊடை நூலை இழுங்கள். கட்டத் துணியில் அது முழு நீளமும் ஒரே நிறமாக இருந்தால் நெய்த கட்டம். துண்டு துண்டாக நிறம் மாறினால் அச்சு.

இக்கத் துணியில் இந்தச் சோதனை நம்மை ஏமாற்றும். மெட்ராஸ் கைக்குட்டை நெய்யப்பட்ட ஆந்திர ஊரான சீராலாவிலேயே தேலியா ரூமாலும் நெய்யப்பட்டது; எண்ணெயும் ஆமணக்குக் காய்த்தோல் சாம்பலும் ஊட்டிய நூலை ஆங்காங்கே கட்டிச் சாயத்தில் முக்கி, பிறகு நெய்யும் துணி அது. இன்று அதன் இருப்பிடம் தெலங்கானாவின் புட்டபாக்கா. இங்கே நூல் இயல்பாகவே துண்டு துண்டாக நிறம் மாறும். ஆகவே மங்கலைப் பார்க்க வேண்டும். கட்டின் ஓரத்தில் சாயம் நூலின் வழியாகவே கசியும். பாவில் மட்டும் கட்டிய துணியில் மங்கல் நீளவாக்கில் மட்டுமே இருக்கும். எல்லாப் பக்கமும் சமமாக மங்கினால் சந்தேகப்படலாம். ஒரு பூவின் இடது இதழ் பிசகி, அடுத்த பூவிலும் அதற்கடுத்ததிலும் அதே இதழ் அதே அளவு பிசகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கை ஒரே பிழையை இரண்டு முறை செய்யாது; அச்சுத் திரை செய்யும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் உருவிய நூலின் முறுக்கைப் பிரித்துப் பார்க்கலாம். உள்ளே வெள்ளையாக இருந்தால் அச்சு என்று கடைகளில் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. அவுரி நூலின் மேற்பரப்பிலேயே தங்கும் சாயம். தொட்டியில் முக்கிய நல்ல நூலிலும் நடுவே வெளுப்பு இருக்கும். வேறுபாடு அந்த வெளுப்பு இருக்கும் இடத்தில்தான். முக்கிய நூலில் நிறம் சுற்றிலும் சமமாக இருக்கும், வெளுப்பு நடுவில் ஒளிந்திருக்கும். அச்சு நூலில் ஒரு பக்கம் நிறமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். பாவு இழை மேலேறிக் கடந்த ஒவ்வோர் இடத்திலும் கடுகளவு வெள்ளைப் புள்ளி வரிசையாக நிற்கும்.