பணியமர்த்துநரிடம் பரிந்துரை கோருதல்

வேலைக்கான தேர்வு நல்லபடியாக முடிந்த பின், அதை நடத்திய ரெக்ரூட்டரிடம், அதாவது பணியமர்த்துநரிடம், இணையத் தன்விவரப் பக்கத்துக்கு ஒப்புதலோ சில வரிப் பரிந்துரையோ கேட்பது ஒரு வழக்கம். பெரும்பாலும் இது லிங்க்ட்இன் தளத்தில் நடக்கிறது.

இரு வடிவங்கள்

2003-இல் தொடங்கிய அத்தளத்தில் திறன் ஒப்புதல் 2012-இல் வந்தது. பக்கத்தில் பட்டியலிட்ட ஒரு திறனை இன்னொருவர் ஒரே சொடுக்கில் ஆமோதிப்பது அது. பரிந்துரையோ எழுதப்படும் சான்று. எழுதியவரின் பெயர், பதவி, உறவு, தேதி ஆகியவை அதனுடன் தெரியும். நேரடித் தொடர்பில் இருப்பவர் மட்டுமே இவ்விரண்டையும் தர முடியும்.

எதற்குச் சாட்சி

ரெக்ரூட்டர் விண்ணப்பதாரரின் வேலையைப் பார்த்தவர் அல்லர். அவர் பார்த்தது நேர்காணலுக்கு வந்த நேரம், பேசிய விதம், சம்பள விவரத்தில் காட்டிய நேர்மை போன்றவற்றையே. ஆகவே ஜாவா, டேலி போன்ற திறன்களுக்கு அவரிடம் ஒப்புதல் கேட்டால் அது எடுபடாது. நடத்தை பற்றிய இரண்டு மூன்று வரிகள் பொருந்தும்.

நேரமும் முறையும்

ஆஃபர் கைக்கு வருமுன் கேட்டால் தேர்வில் சலுகை தேடுவதுபோல் தோன்றும். வேலையில் சேர்ந்த முதல் சில வாரங்களே ஏற்றவை. எடுத்துக்காட்டாக, கோவைக் கணக்காளர் ஒருவர் சென்னை ஏஜென்சி மூலம் தேர்வாகிறார். 60 நாள் நோட்டீஸ் காலத்தில் பழைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்தித் தர முன்வருகிறது. அதை மறைக்காமல் ரெக்ரூட்டரிடம் சொல்லிவிட்டு, சொன்ன தேதியில் புதிய இடத்தில் சேர்கிறார். ஆஃபரை ஏற்றவர் கடைசி நேரத்தில் வராமல்போவது ரெக்ரூட்டர்களின் பெருந்தலைவலி என்பதால், இவரைப் பற்றி எழுத அவருக்கு விஷயம் இருக்கிறது. கோரிக்கை இப்படி அமையலாம்:

"வணக்கம் மேடம். திங்கள்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டேன், நன்றி. நோட்டீஸ் காலத்தில் நான் தகவல் சொல்லிவந்த விதம் பற்றி லிங்க்ட்இன்னில் இரண்டு வரி எழுத முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை மேடம்."

எதைப் பற்றி என்று குறிப்பிடுவதால் எழுதுபவரின் வேலை குறைகிறது. கடைசி வரி மறுக்க இடம் தருகிறது.

வரம்புகள்

நிறுவனத்தின் சொந்த மனிதவளப் பிரிவினர், அலுவலக விதி தடுப்பதால் மறுக்கக்கூடும். அதை மனத்தாங்கலாகக் கொள்ள வேண்டியதில்லை. தளம் கேட்கும் உறவு வகைகள் பெரும்பாலும் உடன் பணியாற்றியோருக்கானவை. எனவே "தேர்வின்போது அறிமுகம்" என்பதைப் பரிந்துரையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சேர்ந்து வேலை செய்தவர் என்று படிப்பவர் எண்ணுவார். பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டால், பெற்றவையும் தந்தவையும் பக்கத்திலேயே தெரிவதால் பண்டமாற்று வெளிப்பட்டுவிடும். வந்த பரிந்துரை, பெறுபவர் ஏற்ற பின்பே பக்கத்தில் தோன்றும். பதவியோ தேதியோ பிழையாக இருந்தால் அதற்குமுன் திருத்தம் கேட்கலாம்.