வெள்ளை ரயில்

நியூயார்க் நகர அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஓர் ஓவியம் இருக்கிறது. காலி ஸ்ப்ரே கேன்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலின் உச்சியில் ஆடையில்லாத ஒரு பெண் நின்று, கடந்துபோகும் ரயிலை நோக்கிக் கை நீட்டுகிறாள். ரயிலின் ஒரு பெட்டி முழுக்க வண்ணம். இன்னொரு பெட்டி வெறும் வெள்ளை. 1982இல் வரையப்பட்ட இந்தப் படத்துக்கு ‘கிராஃபிட்டியின் மரணம்’ என்று பெயர். வரைந்தவர் லேடி பிங்க். அப்போது அவருக்கு வயது பதினெட்டுதான்.

அந்த வெள்ளைப் பெட்டி கற்பனையல்ல. குவீன்ஸ் பகுதியின் கொரோனா பணிமனையில் நின்ற ரயில்களுக்கு 1981இல் வெள்ளையடித்தார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுக் காவலுக்கு நாய்களை விட்டார்கள். ஏழாம் எண் தடத்தில் ஓடும் ரயில்கள் அவை. இந்தத் தடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் மறுபடி இங்கேதான் வரப்போகிறோம்.

லேடி பிங்கின் இயற்பெயர் சாண்ட்ரா ஃபபாரா. ஈக்வடாரில் பிறந்து குவீன்ஸில் வளர்ந்தவர். 1979இல், பதினைந்து வயதில், கைதாகி வேற்றூருக்கு அனுப்பப்பட்ட காதலனின் பெயரைச் சுவர்களில் எழுதத் தொடங்கினார். சில மாதங்களில் அது அவருடைய சொந்தப் பெயராக மாறியது. ரயிலில் பெயர் வரைந்தவர்கள் தங்களை ஓவியர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை, எழுத்தாளர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். எழுத்தைப் பாடமாக நடத்திப் பிழைக்கிற எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. எழுதுவது என்றால் அவர்களுக்குத் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வது.

வேலை எளிதானதல்ல. முதலில் கறுப்பு அட்டை போட்ட நோட்டில் எழுத்தின் வடிவத்தைப் பலமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இரவில் வேலியைத் தாண்டிப் பணிமனைக்குள் போக வேண்டும். தண்டவாளத்தை ஒட்டி அறுநூறு வோல்ட் மின்சாரம் பாயும் மூன்றாவது கம்பி இருக்கிறது, அதை மிதிக்கக் கூடாது. ஒரு பெட்டி சுமார் 15 மீட்டர் நீளம். முதலில் மெல்லிய கோட்டில் வடிவம், பிறகு உள்நிரப்பு, கடைசியில் எல்லைக்கோடு. இவ்வளவையும் அரையிருட்டில் முடித்து விடிவதற்குள் வெளியேற வேண்டும்.

ஒரு பெண் இதைச் செய்தபோது இன்னொரு சுமையும் சேர்ந்துகொண்டது. பாதுகாப்புக்காக ஆண்பிள்ளைபோல உடுத்திக்கொண்டு போனார். அவர் வரைந்ததை ஆண்கள் யாரோ வரைந்து கொடுத்ததாகவும், அதற்குப் பதிலாக அவர் வேறெதையோ கொடுத்ததாகவும் பேச்சு கிளம்பியது. தன் பெயின்டைத் தானே சுமந்து, பலர் பார்க்கத் தானே வரைந்து காட்டித்தான் அவர் அதை மறுக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் கவிதை எழுதினாலும் இதே பேச்சு வரும் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

இது நாசவேலையா, கலையா? சமூகவியலாளர் நேதன் கிளேசர் 1979இல் எழுதிய கட்டுரையில் ஒரு முக்கியமான வாதத்தை வைத்தார். கிறுக்கப்பட்ட பெட்டியில் ஏறும் பயணி, இந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை, இங்கே எதுவும் நடக்கலாம் என்று உணர்கிறார் என்பது அது. பின்னால் ‘உடைந்த ஜன்னல்’ கோட்பாடு என்று பெயர்பெற்ற காவல்துறைச் சிந்தனை இதிலிருந்தும் எடுத்துக்கொண்டது. பெண்ணியவாதிகள் இதை ஏளனம் செய்து தள்ளிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். பின்னிரவில் வேலை முடிந்து, உள்ளும் புறமும் கிறுக்கப்பட்டு, ஜன்னல் கண்ணாடியும் மறைந்த பெட்டியில் தனியாக வீடு திரும்பிய பெண்ணின் பயம் உண்மையானது. ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் பெயின்ட் மட்டும்தானா? நகரம் அப்போது பணமில்லாமல் பராமரிப்பைக் கைவிட்டிருந்தது. வெள்ளையடிப்பதும் வேலி போடுவதும் கண்ணுக்குத் தெரிகிற விடை. 1989 மே மாதம் கடைசி வண்ணப் பெட்டியும் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது.

ரயிலை அருங்காட்சியகத்தில் மாட்ட முடியாது. அதனால் அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது ரயிலை அல்ல, ரயிலில் எழுதியவர்கள் பிறகு கான்வாஸிலும் பலகையிலும் வரைந்ததை. ‘கிராஃபிட்டியின் மரணம்’ அப்படிப் பலகையில் வரையப்பட்ட படம். அதை வாங்கிக் காத்தவர் மார்ட்டின் வாங் என்ற ஓவியர். இளம் எழுத்தாளர்களோடு பழகி, அவர்களுடைய கான்வாஸ்களையும் கறுப்பு நோட்டுகளையும் சேர்த்தார். எய்ட்ஸால் உடல் நலிந்த நிலையில், 1994இல் அத்தனையையும் நகர அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர் இல்லையென்றால் அந்த நோட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும்.

என்றாலும் இந்தச் சேமிப்பு ஒரு சல்லடை. எழுபதுகளின் தொடக்கத்திலேயே பார்பரா 62, ஈவா 62 என்று இரண்டு பெண்கள் நியூயார்க் முழுக்கத் தங்கள் பெயரை எழுதினார்கள். லேடி பிங்குக்கு முன்னோடிகள் அவர்கள். ஆனால் அவர்கள் காலத்தில் கேலரிகள் வந்து கான்வாஸ் கேட்கவில்லை. வரலாற்று நூல்களில் அவர்கள் பெயராக மட்டும் நிற்கிறார்கள், கண்காட்சிகளிலோ லேடி பிங்க் பெரும்பாலும் ‘அந்த ஒரு பெண்’ ஆகிவிடுகிறார். ஆண்களுக்கு நடுவே அவர் தனித்து வந்ததுபோல ஒரு சித்திரம் உருவாகிறது. கழற்றி எடுத்துப்போக முடிந்ததே கலையாக எஞ்சுகிறது.

அருங்காட்சியகமே வெள்ளையடித்ததும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸின் சமகாலக் கலை அருங்காட்சியகம் 2011இல் தெருக்கலைக்கு ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதற்காகத் தன் வெளிச்சுவரில் வரைய இத்தாலியக் கலைஞர் ப்ளூவை அழைத்தது. டாலர் நோட்டு போர்த்திய சவப்பெட்டிகளை அவர் வரைந்தார். எதிரே போர்வீரர் நினைவிடம். கண்காட்சி தொடங்கும் முன்பே, 2010 டிசம்பரில், அழைத்தவர்களே அதை அழித்தார்கள்.

இனி ஏழாம் எண் தடத்துக்கு வருவோம். குவீன்ஸில் அந்த ரயில் மேம்பாலத்தில் வளைந்து செல்லும் இடத்தில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. உரிமையாளர் ஜெரி வொல்கோஃபின் அனுமதியோடு, மீரெஸ் ஒன் என்ற கலைஞரின் மேற்பார்வையில், உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் அங்கே வரைந்தார்கள். லேடி பிங்கும் வரைந்தார். இருட்டில் எழுதியவர்கள் பகலில், ரயில் பயணிகள் பார்க்க வரைந்த சுவர் அது. அங்கே அடுக்குமாடி கட்ட முடிவானதும் கலைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். தடையுத்தரவு கிடைக்கவில்லை. அதற்கான காரணங்களை விளக்கும் தீர்ப்புரை வெளிவருவதற்குள், 2013 நவம்பரில் ஓர் இரவில், உரிமையாளர் அத்தனை ஓவியங்களின் மேலும் வெள்ளையடித்துவிட்டார்.

1990இல் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம், சுவர் இன்னொருவருடையது என்றாலும் ‘அங்கீகரிக்கப்பட்ட தகுதி’ உள்ள படைப்பை அழிக்கக் கூடாது என்கிறது. எடுத்துப்போகக் கூடிய படைப்பென்றால் கலைஞருக்கு 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். 2018இல் நீதிபதி ஃபிரெடரிக் பிளாக் 45 படைப்புகளுக்குத் தலா ஒன்றரை லட்சம் டாலர், மொத்தம் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தார். பெற்ற 21 கலைஞர்களில் லேடி பிங்கும் ஒருவர். இடிக்கும் அனுமதி வரும்வரை உரிமையாளர் காத்திருந்தால் இந்தத் தொகை வந்திருக்காது என்பதையும் நீதிபதி மறைக்கவில்லை. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

இந்த வெற்றியில் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் அந்தத் தகுதி எப்படி நிரூபிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். கலைஞர்களின் பெயர், பத்திரிகைச் செய்திகள், நிபுணர் சாட்சியம். அருங்காட்சியகமும் கேலரியும் முன்பே பார்த்துவைத்த கைகளுக்கு அதை நிரூபிப்பது எளிது. அனுமதியில்லாமல் வரைந்ததை இந்தச் சட்டம் காக்காது என்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 1997இலேயே சொல்லிவிட்டது. பதினைந்து வயதுச் சிறுமி வேலி தாண்டிப்போய் எழுதிய ரயிலுக்கு இதில் இடமில்லை, பார்பராவுக்கும் ஈவாவுக்கும் இல்லை.

ஃபைவ் பாயின்ட்ஸ் 2014இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது இரண்டு கோபுரக் குடியிருப்புகள் நிற்கின்றன. ஏழாம் எண் ரயில் அவற்றைக் கடந்து போகிறது, சுத்தமாக.